60 செக்கன், ஒரு மஞ்சள் துணி

போன வருசம் கம்பஸில் ஒரு நிமிடக் குறும்படப் போட்டி ஒன்று நடந்தது. விதி இரண்டுதான். படம் 60 செக்கனைத் தாண்டக்கூடாது. ஒரு பொருளின் பயணத்தை வைத்துக் கதை சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். கையில் ஒரு போன், கடன் வாங்கிய ஒரு ஸ்டாண்ட். பொருளைத் தெரிவு செய்யப் பெரிதாக யோசிக்கவும் இல்லை. 2022-இல் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்காத வீடு எங்களுக்குள் இல்லை. ஆட்கள் நிற்க முடியாத நேரத்தில் அவர்களுக்குப் பதிலாகக் கான்கள் வரிசையில் நின்றதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒரு வெள்ளைக் கான். அது வீட்டிலிருந்து புறப்படும், சைக்கிளில் ஏறும், வரிசையில் இரவு முழுக்க நிற்கும், நிரம்பும், வீட்டுக்கு வரும், விளக்கு எரியும். முடிஞ்சுது.

முதல் எடிற் 74 செக்கன் வந்தது. வெட்டுவதற்கு முதல் ஹொஸ்டலில் இருக்கிற ஒரு நண்பிக்குக் காட்டினோம். அந்த வருசம் ஏ.எல். படித்துக்கொண்டே அம்மாவோடு மாறி மாறி வரிசையில் நின்றவள் அவள். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சொன்னாள்:

"உங்கட படத்தில ஆக்கள் ஒண்டுமே செய்யேல்லை. கான்தான் எல்லாம் செய்யுது. நாங்கள் அங்க பாவமா மட்டும் நிக்கேல்லை. கணக்குப் பாத்தனாங்கள், சண்டை பிடிச்சனாங்கள், ஆளுக்காள் இடம் பிடிச்சுக் குடுத்தனாங்கள். ஏன் எங்களைச் சும்மா நிக்க வச்சிருக்கிறியள்?"

ஒரு பொருளை ஊர் சுற்ற விட்டால் கதை தானாக வந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. பொருள் நகருவது பயணம் மட்டும்தான். அது கைமாறுகிற இடத்தில் யாரோ ஒருவர் ஒரு முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு அவர் ஏதாவது கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது கதையாகிறது. இந்த விசயம் தவறினால் படம் மட்டும் பழுதாகாது, படத்தில் வருகிற மனிதரும் வெறும் பின்னணியாகிப் போவார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க லேசான வழி ஒன்று இருக்கிறது. ரைம்லைனில் நடுவில் இருக்கிற இரண்டு காட்சிகளை இடம் மாற்றிப் போடுங்கள். நாங்கள் சைக்கிள் காட்சியையும் இரவு வரிசைக் காட்சியையும் மாற்றிவிட்டு, படத்தை முதல் பார்க்காத மூன்று பேருக்குக் காட்டினோம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது மூன்று பேரும் "பிறகு… பிறகு… பிறகு…" என்றுதான் கோர்த்தார்கள். "அதனால" என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. இடம் மாற்றினாலும் உடையாமல் நிற்கிறது என்றால் நீங்கள் வைத்திருப்பது பட்டியல்.

போட்டிக்கு வந்த படங்களில் காசுத்தாள் கை மாறுகிற கதைகளே அதிகம். 500 ரூபாய்த் தாள் கடைக்காரரிடம் போகும், மீன்காரரிடம் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், கடைசியில் பழைய கைக்கே வரும். காசு லேசாக நகருகிற பொருள் என்பதால் எல்லாரும் அதை எடுக்கிறார்கள். அந்த லேசுதான் அதன் பிரச்சினையும். காசு கைமாறும்போது கொடுத்தவருக்கு மீன் கிடைக்கிறது, வாங்கியவருக்குக் காசு கிடைக்கிறது, இருவருக்கும் சரி. யாருக்கும் நட்டமில்லாத இடத்தில் பார்ப்பவருக்கு ஒரு பதற்றமும் இல்லை.

60 செக்கனில் முழுக் கதை சொல்ல ஏலுமா என்று கேட்பவர்களுக்கு 1895-ஆம் ஆண்டே பதில் இருக்கிறது. லூமியேர் சகோதரர்களின் கமராவுக்குள் சுமார் 17 மீற்றர் பிலிம்தான் போகும், கிட்டத்தட்ட 50 செக்கன். அந்த நேரத்துக்குள் அவர்கள் எடுத்த ஒரு படத்தில் ஒரு தோட்டக்காரர் குழாயால் தண்ணி விடுகிறார். ஒரு பெடியன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணி நிற்கிறது. அவர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். பெடியன் காலை எடுக்கிறான். முகம் முழுக்கத் தண்ணி. பிறகு துரத்திப் பிடித்து அடி. இதில் ஒரு காட்சியையும் இடம் மாற்ற முடியாது. அந்தக் குழாய் எங்கேயும் பயணம் போகவில்லை. ஆனால் அதன் நிலை மாறுகிறது: ஓடுகிறது, அடைபடுகிறது, பீறிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கால் அல்லது ஒரு கை காரணம். எங்கள் கான் மைல் கணக்கில் போய் வந்தும் செய்யாததை அந்தக் குழாய் நின்ற இடத்திலேயே செய்துவிட்டது.

இதற்கு எதிர் உதாரணமாக எங்கள் கமராக்காரன் 2005-இல் வந்த 'லோர்ட் ஒஃப் வோர்' படத்தின் தொடக்கத்தைக் காட்டினான். அன்ட்ரூ நிக்கோல் இயக்கியது. ஒரு துப்பாக்கிச் சன்னம் தொழிற்சாலையில் உருவாகி, பெட்டிக்குள் போய், கப்பலேறி, ஆபிரிக்காவில் ஒரு துப்பாக்கிக்குள் ஏறி, கடைசியில் ஒரு சிறுவனின் நெற்றிக்குப் போகிறது. கமரா சன்னத்தோடேயே போகிறது. "இதில ஆர் முடிவெடுக்கினம்? இது கதை இல்லையா?" என்று கேட்டான். கதைதான். ஆனால் அங்கே கையில் எடுக்கிற ஒருவரும் யோசிக்காமல் அடுத்தவரிடம் அனுப்புகிறார்கள் என்பதே சொல்ல வந்த விசயம். சன்னம் திரும்பி வராத பொருள் என்பதால் அந்த வடிவம் பொருந்துகிறது. எங்கள் வரிசையில் நின்றவர்கள் அப்படி இல்லை. அந்த வடிவத்தைக் கடன் வாங்கி, கானின் பிடியில் போனைக் கட்டிப் படமெடுத்தபடியால்தான் எங்கள் ஆட்களுக்கு முகமே இல்லாமல் போனது.

ஆகவே திரும்ப எழுதினோம். இந்த முறை பொருளை வைத்துத் தொடங்காமல், "இந்த வரிசையில் எடுக்கக் கஷ்டமான முடிவு என்ன?" என்று நண்பியிடம் கேட்டுத் தொடங்கினோம். தனக்குக் கிடைத்து, பின்னால் நின்றவருக்குக் கிடைக்காமல் போன நாள்தான் கஷ்டம் என்றாள். கதை அதிலிருந்து வந்தது.

அம்மா ஒரு பழைய மஞ்சள் சட்டையைக் கிழித்து, ஒரு துண்டைக் கானின் பிடியில் கட்டுகிறா. ஒரே மாதிரிக் கான்கள் நிற்கும்போது அடையாளத்துக்கு. மகன் அதை வரிசையில் வைக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு ஐயா, அவருடைய கானுக்கு மூடி இல்லை. பெடியனின் கான் நிரம்புகிறது, உடனே "மண்ணெண்ணெய் இல்லை" என்ற மட்டையைக் கொழுவுகிறார்கள். பெடியன் வீட்டுப் பக்கம் நடக்கிறான், நிற்கிறான், திரும்பி வந்து பாதியை ஐயாவின் கானுக்குள் ஊற்றுகிறான். மூடி இல்லாத வாயை அடைக்கத் தன் கானில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துத் திணிக்கிறான். வீட்டில் அம்மா கானைத் தூக்கிப் பார்க்கிறா, பாரம் குறைவு, பிடியில் துணியும் இல்லை. ஒன்றும் கேட்காமல் விளக்கின் திரியைக் குறைக்கிறா. இன்னொரு விடியல். பெடியன் பிந்தி ஓடி வருகிறான், வரிசை நீண்டு கிடக்கிறது. நடுவில் ஒரு கல், அதில் அந்த மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. பின்னால் நிற்கிற ஐயா காலால் கல்லைத் தள்ளிவிடுகிறார். பெடியன் அந்த இடத்தில் கானை வைக்கிறான்.

எழுதி முடித்த பிறகுதான் ஒரு விசயம் பிடிபட்டது. எங்கட பொருள் கான் இல்லை, துணி. கான் போய் வருகிறது, அவ்வளவுதான். துணி ஒவ்வொரு கையிலும் வேறு வேலை செய்கிறது. முதலில் அடையாளம், பிறகு மூடி, பிறகு இன்னொருவருக்காகப் பிடித்து வைத்த இடம். ஒவ்வொரு முறையும் அதை ஒருவர் வேண்டுமென்றே கட்டுகிறார் அல்லது அவிழ்க்கிறார். நீங்கள் தெரிவு செய்த பொருளுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று கிடக்கும், உண்மையான முதுகெலும்பு அதுவாக இருக்கலாம்.

துணியின் நிறத்தில் பெரிய சண்டை நடந்தது. ஒரு நண்பன் சிவப்புத்தான் வேணும் என்று நின்றான், "குறியீடாயிருக்கும்" என்றான். எதுக்குக் குறியீடு என்று கேட்டால் பதில் இல்லை. நாங்கள் மஞ்சள் எடுத்ததற்குக் காரணம் அழுக்கு. மூடியாக இருந்த துணியின் ஒரு நுனி கறை பிடித்திருந்தால், கடைசியில் கல்லில் கட்டியிருப்பது அதே துணிதான் என்று பார்ப்பவருக்கு விளங்கும். சிவப்பில் அந்தக் கறை போன் திரையில் தெரியாது. கறையை நாங்கள் வெறும் தேத்தண்ணியில்தான் தோய்த்து எடுத்தோம். கானுக்குள் இருந்ததும் தண்ணிதான், மண்ணெண்ணெய் வைத்து விளையாடுகிற ஆட்கள் இல்லை நாங்கள். என் கருத்து இதுதான்: பொருள் முதலில் ஒரு வேலை செய்ய வேண்டும். வேலை சரியாகச் செய்தால் அர்த்தம் பின்னால் வரும்.

அடுத்தது நேரக் கணக்கு. துணி கட்டுவதற்கு 7 செக்கன். வரிசைக்கு 10. கான் நிரம்பி மட்டை விழ 10. திரும்பி வந்து ஊற்றித் துணியைத் திணிக்க 13. வீட்டுக்கு 8. கடைசி வரிசைக்கு 10. பெயருக்கு 2. கூட்டினால் 60. இதில் அதிக நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்: முடிவெடுக்கிற இடத்துக்கு. முதல் எடிற்றில் கானோடு நடப்பதற்கும் சைக்கிள் ஓடுவதற்கும் மட்டும் 26 செக்கன் கொடுத்திருந்தோம், ஏனென்றால் அந்த ஷொட்டுகள்தான் வடிவாயிருந்தன. பயணக் கதையில் பயணத்தைத்தான் முதலில் வெட்ட வேண்டும். ஒருவர் வாசலில் கானைத் தூக்குகிறார், அடுத்த ஷொட்டில் வரிசையில் வைக்கிறார். இடையில் இருந்த ரோட்டைப் பார்ப்பவர் தானே நிரப்பிக்கொள்வார்.

ஆனால் முதல் 7 செக்கனில் கை வைக்கக்கூடாது. அந்த இடத்தை 3 செக்கனாகக் குறைத்துப் பார்த்தோம். படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் "அந்தக் கல்லில என்ன கட்டியிருக்கு?" என்று கேட்டார்கள். துணி கிழிபடுகிற சத்தம், முடிச்சு இறுகுகிற விரல், இந்த இரண்டும் மனதில் நின்றால்தான் கடைசி ஷொட் வேலை செய்யும். முடிவு விளங்கவில்லை என்று ஆட்கள் சொன்னால் முடிவைத் திருத்த ஓடாதீர்கள். பிழை பெரும்பாலும் முதல் ஷொட்டில் இருக்கும்.

இன்னொரு பிழையும் விட்டோம். ரோட்டின் இரண்டு பக்கத்திலும் நின்று எடுத்ததால், பெடியன் வீட்டுக்கு நடக்கும்போது திரையில் செட்டுக்குப் போவது மாதிரித் தெரிந்தான். அவன் திரும்பி வருகிற இடம்தான் கதையின் முள்ளந்தண்டு, அது ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுபடி எடுத்தபோது ரோட்டின் ஒரே பக்கத்தில் மட்டும் கமராவை வைத்தோம். செட்டுக்குப் போவது எப்போதும் இடமிருந்து வலம், வீட்டுக்கு வருவது வலமிருந்து இடம். அவன் நின்று திரும்பின உடனே, ஒரு வசனமும் இல்லாமல், என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்துவிடுகிறது.

வசனம் இல்லாத இடத்தை நிரப்பியது சத்தம். வெறுங்கானை நிலத்தில் வைத்தால் பொள்ளென்று ஒரு சத்தம் வரும், நிரம்பினதை வைத்தால் அடங்கின சத்தம். கானுக்குள் தண்ணி ஏற ஏற அந்த ஓசை மெல்ல மெல்லக் கீச்சாகும். செட்டில் படமெடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை, பம்பைக் காட்டவே இல்லை. பெடியனின் முகத்தில் கமராவை வைத்துவிட்டு, ஏறுகிற அந்த ஓசையை மட்டும் விட்டோம். கான் நிரம்புவதை எல்லாரும் கேட்டார்கள். பின்னணி இசை போட்டிருந்தால் இது செத்திருக்கும். முதல் எடிற்றில் சோக வயலின் போட்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிச் சண்டை முடிவைப் பற்றியது. ஒருவர் கறுப்புத் திரையில் "மனிதம் இன்னும் வாழ்கிறது" என்று போடச் சொன்னார். அதற்கு இரண்டு செக்கன் போகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. ஐயா கல்லைக் காலால் தள்ளுகிறார், பெடியனைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அவர் கடனைத் திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். வரிசையில் இருக்கிற ஆட்களுக்குள் நடக்கிற ஒரு கணக்கு அது. அதற்கு மேல் "மனிதம்" என்று எழுதினால், கணக்குத் தெரிந்த இரண்டு பேரைத் திரும்பவும் பாவப்பட்ட சனமாக்கி விடுகிறோம். வேறு நாட்டுக்காரர் எங்களைப் பற்றி எடுக்கிற ஒரு நிமிட வீடியோக்களில் இதைப் போதுமான அளவு பார்த்தாயிற்று. நாங்களும் எங்களுக்கு அதைச் செய்ய வேண்டாம்.

இந்த முறைக்கு எல்லை இருக்கிறது. மண்ணெண்ணெய் ஏன் இல்லாமல் போனது, டொலர் எங்கே போனது, ஆர் பொறுப்பு என்றெல்லாம் ஒரு துணித் துண்டு சொல்லாது. அதைச் சொல்லக் கட்டுரை எழுதுங்கள், நீளமான படம் எடுங்கள். மூன்று பேருக்கு மேல் ஆட்களையும் அது தாங்காது. நாங்கள் ஒரு தங்கச்சியையும் எழுதியிருந்தோம், அவளுக்கு 4 செக்கன்தான் கிடைத்தது, அந்த 4 செக்கனில் அவள் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் நிற்கிற ஆள் வேண்டாம் என்பதுதானே முழுப் பாடமும். அவளை எடுத்துவிட்டோம்.

பரிசு கிடைக்கவில்லை. சரியாக 60 செக்கனில் முடித்த எடிற்றை ஹொஸ்டல் படிக்கட்டில் வைத்து நண்பிக்குத் திரும்பக் காட்டினோம். இரண்டு தரம் பார்த்தாள். அம்மா திரியைக் குறைக்கிற இடம் பிடிக்கவில்லையாம், "என்ர அம்மா எண்டால் பேசியிருப்பா" என்றாள். அது நியாயம்தான், அடுத்த படத்தில் ஒரு அம்மா பேசுவா. பிறகு போனைத் திருப்பித் தரும்போது சொன்னாள்:

"கல்லைக் காலால தள்ளினது சரி. நாங்களும் அப்பிடித்தான் தள்ளினனாங்கள்."